பெட்டியில் "சாமான்" என்று எழுதுகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம், கோபமும் கொஞ்சம் இருக்கிறது. பொறுத்து வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. சாமான் இறக்க நாங்களும் போனோம். பட்டா வாகனத்தில் 30 பெட்டிக்கு மேல் இருக்கும். பாதிக்கு மேற்பட்ட பெட்டியில் கறுப்பு மாக்கரால் பெரிதாக எழுதியிருந்த சொல் "சாமான்". இரண்டில் "பலது". ஒன்றில் "முக்கியம்". முக்கியமானது என்ன என்று கேட்டோம், வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. கட்டியவர் மனைவி. அவர் கைக்குழந்தையோடு குசினி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் "அது அங்க, இது இங்க, அதைக் கொஞ்சம் திறந்து பாருங்கோ" என்று காலை 10 மணியிலிருந்து லுஹர் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் வாகனக்காரரோடு தேநீர் குடித்தார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. நாங்களும் ஒரு காலத்தில் அதே தேநீரைக் குடித்தவர்கள்தான். அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

சில வருடங்களுக்கு முன் இடமாற்றம் கிடைத்து நயினாதீவுக்குக் குடிபோனோம். டிசம்பர் விடுமுறை, வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு. குறிகட்டுவானுக்குப் போய்ச் சேரவே பிந்திவிட்டது. வள்ளத்தில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வீட்டு மண்டபத்தில் எல்லாவற்றையும் குவித்தபோது மஃரிப் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் உம்மா மெதுவாகக் கேட்டா, "வாப்பா, என்ட பிரஷர் குளிசை எந்தப் பெட்டிக்க?"

எந்தப் பெட்டி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கட்டும்போது மனைவி ஒரு பையில் போட்டதாகச் சொன்னார். அந்தப் பையை யாரோ ஒரு பெட்டியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று வைத்து மூடிவிட்டார்கள். அந்த யாரோ நாங்கள்தான். எல்லாப் பெட்டியிலும் "சாமான்". மின்சாரமும் அன்று வந்து வந்து போனது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 19 பெட்டி பிரித்து, 20ஆவது பெட்டியில், படுக்கை விரிப்புகளுக்கு அடியில் குளிசை கிடைத்தது. இரவு 11 மணி. உம்மா தலை சுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்து இருந்தா. கடைசி வள்ளம் எப்பவோ போய்விட்டது. அன்றைக்கு இரவு ஏதும் நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

அந்த 19 பெட்டியும் பிரித்தபடி மண்டபத்தில் கிடந்தன. அதை ஒதுக்க மூன்று கிழமை எடுத்தது. ஒதுக்கியது யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

எங்கள் சனத்துக்கு ஏன் இந்தப் பழக்கம்? வீடு மாறுவதையும் இடம்பெயர்வதையும் நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம் என்பதுதான் எங்கள் எண்ணம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. தீவுப்பகுதிச் சனமும் கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். மூட்டை கட்டுவதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் அவர்கள். கையில் வந்ததைப் போடு, இறுக்கிக் கட்டு, தூக்கு, போ. அன்றைக்கு அதுதான் சரி. ஆனால் இடமாற்றக் கடிதம் கையில் வந்து, விடுமுறை முழுவதும் நேரம் இருந்து, போகும் வீட்டின் திறப்பும் கையில் இருக்கும்போது அதே மாதிரிக் கட்டுவது அவசரமல்ல, சோம்பல். போகிற இடம் தெரியாதவன் "சாமான்" என்று எழுதலாம். போகிற அறையே தெரிந்த நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

சரி, என்ன எழுதுவது? இங்கேதான் படித்தவர்களும் பிழைவிடுகிறார்கள். "நாங்கள் எழுதுகிறோமே, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன இருக்குது என்று முழு விபரமும் எழுதுகிறோமே" என்கிறார்கள். பெட்டி தூக்குகிற பெடியனுக்கு அந்த விபரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. "கண்ணாடிப் போத்தல், பழைய அல்பம், மேசை விரிப்பு" என்று வாசித்துவிட்டு அவன் திரும்பவும் கேட்பான், "ரீச்சர், இது எங்க வைக்க?" அவனுக்குத் தெரிய வேண்டியது உள்ளே இருப்பது அல்ல, அது போக வேண்டிய இடம்.

மும்பாயில் டப்பாவாலாக்கள் என்று சாப்பாட்டுப் பாத்திரம் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1890 அளவில் தொடங்கிய தொழில். வீட்டில் சமைத்த சாப்பாட்டை எடுத்து, ரயிலில் ஏற்றி, கந்தோரில் இருக்கிறவரின் கையில் மத்தியானத்துக்கு முன் கொடுத்து, வெறும் பாத்திரத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். வழியில் ஒரு பாத்திரம் பல கை மாறும். அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். மூடியில் சில எழுத்தும் இலக்கமும் மட்டும் நிறத்தில் எழுதியிருக்கும். எந்த ஸ்டேஷனில் ஏற்றியது, எந்த ஸ்டேஷனில் இறக்குவது, எந்தக் கட்டிடம், எத்தனையாம் மாடி. உள்ளே சப்பாத்தியா சோறா என்று அந்த மூடியில் எங்கேயும் இல்லை. தூக்குகிறவனுக்கு அது வேண்டாத செய்தி. அவர்களுடைய பாத்திரம் பிழைத்த இடத்துக்குப் போவது மிக அருமை என்று உலகமே பேசுகிறது. நாங்கள் பட்டதாரிகள், பயிற்றப்பட்ட ஆசிரியர்கள், எங்கள் பெட்டியில் "பலது".

நயினாதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு மாறி வந்தபோது நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாக்கர், ஒரு 80 பக்கக் கொப்பி, நாலு செலோடேப், இவ்வளவுதான் செலவு. பெட்டி கடைகளில் கேட்டு வாங்கியது.

முதலில் ஒரு சனிக்கிழமை வந்து புதிய வீட்டைப் பார்த்தோம். கொப்பியின் நடுப்பக்கத்தில் வீட்டின் படத்தைக் கோடு போட்டுக் கீறினோம். எந்த அறை யாருக்கு, கட்டில் எந்தச் சுவரோடு, அலுமாரி எங்கே என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். இதை விட்டுவிட்டுப் பெட்டி கட்டத் தொடங்குகிறவர்கள் ஒரு பெரிய பிழை விடுவார்கள். பழைய வீட்டில் சாமான் எந்த அறையில் இருந்ததோ அந்த அறையின் பெயரைப் பெட்டியில் எழுதுவார்கள். நயினாதீவு வீட்டில் எங்கள் புத்தகம் எல்லாம் மண்டபத்தில் இருந்தது. இங்கே பின்பக்கத்துச் சின்ன அறைக்குப் போக வேண்டும். தையல் மெஷின் அங்கே குசினியோடு ஒட்டிய திண்ணையில். இங்கே உம்மாவின் அறையில். பழைய பெயரை எழுதியிருந்தால் இரண்டும் பிழையான அறைக்குப் போயிருக்கும், பிறகு நாங்கள் இன்னொரு முறை தூக்கியிருப்போம். ஆகவே எழுதுவது போகிற அறையின் பெயர். விட்டு வருகிற அறையின் பெயர் ஒருவருக்கும் தேவையில்லை.

அறைக்கு ஒரு எழுத்து வைத்தோம். குசினிக்கு "கு", பெரிய அறைக்கு "பெ", பிள்ளைகளின் அறைக்கு "பி", உம்மாவின் அறைக்கு "உ", புத்தக அறைக்கு "பு", மண்டபத்துக்கு "ம". இதில் நாங்கள் இரண்டு பிழை விட்டோம், மறைக்கக் கூடாது. "பெ", "பி", "பு" மூன்றும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுதான். மழை இருட்டில் பெடியன்களுக்குக் கண் தெரியவில்லை. இரண்டாவது பிழை சிரிப்புக்குரியது. "ம" என்று எழுதிய பெட்டியை ஒரு தம்பி நேராகக் கொண்டுபோய் மலசலகூடத்துக்குள் வைத்துவிட்டான். கலியாண அல்பம் இரண்டும் அதற்குள்தான். அவனில் என்ன பிழை? "ம" என்றால் அதுவும்தானே. ஒன்றோடொன்று முட்டாத எழுத்தைத் தேடி எடுங்கள், அல்லது முழுப் பெயரையே எழுதுங்கள். எழுதிய அதே எழுத்தைப் பெரிய கடதாசியில் புதிய வீட்டுக் கதவு நிலையிலும் ஒட்ட வேண்டும். அறைக்கு நீங்கள் வைத்த பெயர் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் பெட்டியில் எழுதியும் வேலையில்லை. "பெரிய அறை" எது என்று தூக்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது இலக்கம். இதில்தான் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் 1 இலிருந்து தொடங்குவோம், குசினி 1, குசினி 2, பெரிய அறை 1 என்று, என்றார் மனைவி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் வீட்டில் ஆறு "1" இருக்கும், ஆறு "2" இருக்கும். வள்ளத்தடியில் நின்று "2 வந்துட்டுதா?" என்று கேட்டால் எந்த 2? நாங்கள் வீடு முழுவதற்கும் ஒரே வரிசை போட்டோம். முதல் கட்டிய பெட்டி 1, கடைசியாகக் கட்டியது 43. அறையின் எழுத்து பக்கத்தில் வரும். "பு 3", "உ 29", "கு 41". எழுத்து அறையைச் சொல்லும், இலக்கம் வந்ததா இல்லையா என்று சொல்லும். கட்டி முடிந்த பிறகு ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே கோடு போட்டு 43 என்று எழுதினோம். வெளிநாட்டிலிருந்து டோர் டு டோர் பெட்டி அனுப்புகிறவர்கள் 2/5, 3/5 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான். பெட்டியைப் பார்க்கிற எவருக்கும் மொத்தம் எத்தனை என்று தெரியும்.

ஒரே வரிசையில் போட்டதால் இன்னொரு நன்மை கிடைத்தது. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மனிதர் எவரும் உடனே தேவைப்படாததைத்தான் முதலில் கட்டுவார்கள். நாங்கள் புத்தகத்தில் தொடங்கினோம், அது 1 முதல் 5 வரை. பெருநாள் உடுப்பு, விருந்துக்கு எடுக்கும் கோப்பைகள் எல்லாம் அதற்கு அடுத்து வந்தன. கடைசி நாள் காலையில் கட்டியது கேத்தல், சோற்றுப் பானை, துவாய், படுக்கை விரிப்பு. அவை 38க்கு மேல். புதிய வீட்டில் முதலில் தேவைப்படுவதும் அவைதான். ஆக எந்த அறையிலும் பெரிய இலக்கத்தை முதலில் திறந்தால் போதும். சின்ன இலக்கம் காத்திருக்கும். குசினியில் 11 பெட்டி இருந்தது. அதில் மூன்றைத் திறந்து அன்றிரவு சமைத்தோம்.

உள்ளே என்ன இருக்குது என்பதைக் கொப்பியில் எழுதினோம். ஒரு இலக்கத்துக்கு ஒரு வரி. "29 – உ – தையல் மெஷின் தலை, நூல் டப்பா, கத்தரிக்கோல்." அவ்வளவுதான். ஒவ்வொரு கரண்டியையும் எழுதப் போனால் பெட்டி கட்ட நேரம் இருக்காது. பெட்டியை மூடும் முன் எழுத வேண்டும், பிறகு எழுதுவோம் என்றால் அந்தப் பிறகு வரவே வராது. சிலர் போனில் படம் எடுத்து வைத்தால் போதும் என்கிறார்கள். எடுங்கள், பிழையில்லை. ஆனால் இறங்குதுறையில் மழையில் நின்று 43 படத்தைத் தட்டிப் பார்க்க ஏலாது. அந்தப் போனில்தானே லொறிக்காரரும் அழைக்கிறார். கொப்பியை ஒரு சொப்பிங் பையில் போட்டு மனைவியின் கைப்பையில் வைத்தோம். உள்ளே இருப்பது பெட்டியின் வெளியே தெரியாததும் நல்லதுதான். ஆயிரம் பேர் நடக்கிற இறங்குதுறையில் "லப்டொப்" என்று எழுதிய பெட்டியை வைத்துவிட்டு யாராவது கண்ணை மூடுவார்களா?

எழுதுகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம். மூடியின் மேலே எழுதாதீர்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றை அடுக்கிய உடனே அது மறைந்துவிடும். பக்கவாட்டில், இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதினால் எந்த மூலையில் வைத்தாலும் ஒன்றாவது தெரியும். கடையில் வாங்கிய பெட்டியில் ஏற்கெனவே பெரிய எழுத்தில் பால்மா, பிஸ்கட் என்று அச்சடித்திருக்கும். அதன் மேல் வெள்ளைக் கடதாசி ஒட்டி அதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அச்சடித்ததை நம்பி உங்கள் சட்டைப் பெட்டியைக் குசினிக்குக் கொண்டுபோவார். எழுதிய கடதாசி முழுவதையும் மூடி செலோடேப் ஒட்ட வேண்டும். வாடைக்காலத்தில் வள்ளத்தில் கடல்நீர் தெறிக்காமல் வராது.

ஆசிரியர் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எங்கள் பையில் எப்போதும் வெண்பலகை மாக்கர் இருக்கும். முதல் முறை நாங்கள் அதால்தான் எழுதினோம். பளபளப்பான பெட்டியிலும் டேப்பின் மேலும் எழுதியதெல்லாம் தூக்கியவர்களின் கையோடு போய்விட்டது. அழிப்பதற்கென்றே செய்த மை அது. கடையில் அழியாத மாக்கர் என்று கேட்டு வாங்குங்கள். எழுதிப் பார்த்து, காய்ந்த பிறகு ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்.

ஒரு பெட்டிக்கு ஒரு அறைதான். இதை வீட்டில் சட்டம் போட்டோம். இதை மீறத்தான் கை துடிக்கும். பிள்ளைகளின் பெட்டி முக்கால்வாசி நிறைந்திருக்கும், பக்கத்தில் குசினிச் சாடி இரண்டு கிடக்கும். வைத்தால் என்ன என்று தோன்றும். அந்த இடத்தில்தான் "பலது" பிறக்கிறது. உம்மாவின் குளிசைப் பையும் அப்படித்தான் காணாமல் போனது. இடம் மிஞ்சினால் அதே அறையின் தலையணையையோ துவாயையோ வைத்து நிரப்புங்கள், பெட்டி நசியாமலும் இருக்கும். புத்தகத்துக்கு போட்டோகொப்பிக் கடதாசி வருகிற பெட்டியைப் பாவியுங்கள். ஐந்து கட்டுக் கடதாசி வருகிற பெட்டி அது, 12 கிலோவுக்கு மேல் தாங்கச் செய்தது, மூடியும் இருக்கிறது. பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் அடி விட்டுவிடும், தூக்குகிறவரின் முதுகும் விட்டுவிடும்.

இலக்கம் போடாத ஒன்றும் எங்களிடம் இருந்தது. ஒரு கைப்பை. உம்மாவின் குளிசை, பிரஷர் பார்க்கிற மெஷின், காணி உறுதி, அடையாள அட்டைகள், டோர்ச், பிள்ளைகளுக்கு ஒரு சோடி உடுப்பு. இது எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது, எந்த வாகனத்திலும் ஏறக் கூடாது. ஆளோடுதான் வர வேண்டும். பிந்திய ஞானம்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறோம். நயினாதீவு வீட்டிலிருந்து லான்ட்மாஸ்டரில் ஏற்றி இறங்குதுறைக்கு, இறங்குதுறையில் இறக்கி, வள்ளத்துக்கு ஏற்றி, குறிகட்டுவானில் இறக்கி, லொறியில் ஏற்றி, புங்குடுதீவு வேலணை கடந்து ஊர்காவற்றுறையில் இறக்க வேண்டும். ஒரு பெட்டி ஆறு முறை கை மாறுகிறது. 43 பெட்டி என்றால் 258 முறை யாரோ ஒருவர் தூக்கி வைக்கிறார். தூக்குகிறவர்களும் இடத்துக்கு இடம் வேறு ஆட்கள். நீங்கள் கவனமாக அடுக்கிய வரிசை வள்ளத்தில் ஒரு முறையும் லொறியில் ஒரு முறையும் தலைகீழாகும். எதை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இந்தக் கடலைத் தாண்டிச் சாமான் கொண்டுவந்தவர்கள் அல்ல.

குறிகட்டுவானில் மனைவி கொப்பியோடு நின்றார். பெட்டி இறங்க இறங்க நாங்கள் இலக்கத்தை உரத்துச் சொன்னோம், அவர் சரி போட்டார். எல்லாம் இறங்கிவிட்டது என்று வள்ளக்காரர் சொன்னபோது கொப்பியில் 42 சரி. 29க்குச் சரி இல்லை. "சேர், எல்லாம் இறக்கியாச்சு, வடிவா எண்ணிப் பாருங்கோ" என்றார் அவர். எண்ணவே தேவையில்லை, குறைகிறது 29, தையல் மெஷின் தலை, பாரமான சின்னப் பெட்டி என்று மனைவி சொன்னதும் அவருக்கே விளங்கிவிட்டது. பாரம் என்று சொல்லி அதை அணியத்துப் பக்கம் பலகைக்குக் கீழே வைத்து, மேலே படங்கைப் போட்டவர் அவர்தான். இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தந்தார். அடுத்த சனத்தை ஏற்ற அவர் கயிற்றை அவிழ்க்கிற நேரம் அது. வெறுமனே 42 என்று மட்டும் எண்ணியிருந்தால் எங்கள் எண்ணிக்கைதான் பிழை என்று நாங்களே சொல்லியிருப்போம். காணவில்லை என்று தெரிவது பாதி வேலைதான். எது காணவில்லை என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

ஊர்காவற்றுறைக்கு வர மத்தியானம் 12 மணி. பக்கத்து வீட்டுப் பெடியன்கள் நாலு பேர் வந்தார்கள். கதவில் எழுத்து, பெட்டியில் எழுத்து. அல்பம் மலசலகூடத்துக்குப் போனதையும், பெரிய அறைப் பெட்டி இரண்டு பிள்ளைகளின் அறைக்குப் போனதையும் விட வேறு ஒரு குழப்பமும் இல்லை. "ரீச்சர், இது எங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. மனைவி குசினியில் 43, 42, 41 என்று திறந்துகொண்டிருந்தார். இறக்கி முடிய ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. மண்டபத்தில் குவியலே இல்லாததால் பாய் விரித்து எல்லாரும் இருந்து சாப்பிட இடம் இருந்தது. பிறகு ஒரு அறையை முடித்துத்தான் அடுத்த அறை என்று வைத்துக்கொண்டோம். அன்றைக்கு உம்மாவின் 5 பெட்டி. மூன்றாம் நாள் மாலையில் புத்தக அறையின் 5 பெட்டி மட்டும்தான் மூடியபடி இருந்தது. அது இன்னும் கொஞ்ச நாள் அப்படியே கிடந்தது. அது எங்கள் பொறுப்பில் விடப்பட்ட அறை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

"ஒரு வாழ்நாளில் இரண்டு மூன்று தரம் மாறுகிற வீட்டுக்கு இவ்வளவு கணக்கு வழக்கா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அரச உத்தியோகத்தர்களைக் கேட்டுப் பாருங்கள், தீவுக்கு வந்து போகிற ஆசிரியர்களை, தாதியரைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு மூன்றோடு முடிந்ததா என்று. கணக்கைக் கணக்காலேயே பார்ப்போம். ஒரு பெட்டிக்கு எழுத்தும் இலக்கமும் போட்டுக் கொப்பியில் ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 43 பெட்டிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் முறை நாங்கள் அந்த நேரத்தை மிச்சம் பிடித்தோம். அதற்கு விலை மூன்று கிழமை. அதைக் கட்டியது நாங்கள் அல்ல, எங்கள் மனைவி. பாடசாலையால் வந்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியாக.

எங்கள் கோபம் எல்லாம் இதில்தான். எழுதாத பெட்டியின் விபரம் எங்கே இருக்கிறது? கட்டியவரின் தலைக்குள். கட்டியவர் அநேகமாக வீட்டுப் பெண். அவருடைய தலைக்குள் இருக்கும்வரை அவர் வாசலை விட்டு நகர முடியாது, உதவிக்கு வந்த பத்துப் பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு "அவவுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆண்கள் விலகிவிடுவோம். பெட்டியில் எழுதிவிட்டால் அந்தச் சாட்டு எங்களுக்கு இல்லை. "கு 41" எங்கே போக வேண்டும் என்று வாசிக்கத் தெரிந்த எந்த ஆணுக்கும் தெரியும்.

போன கிழமை வந்த குடும்பத்துக்கு இனி எழுத நேரம் பிந்திவிட்டது. நேற்றும் போனோம். மண்டபத்தில் இன்னும் 14 பெட்டி இருந்தது. "முக்கியம்" என்று எழுதிய பெட்டியைத் திறந்தார்களா என்று கேட்டோம். திறந்தார்களாம். உள்ளே போன வருடத்துக் கலண்டரும் சுவர் மணிக்கூடு ஒன்றும் இருந்ததாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டை இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த ஊசி வருகிற புதன்கிழமை. மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு இன்று அஸருக்குப் பிறகு போகிறோம், மிச்சம் 14ஐயும் பிரிக்க. ஒழுங்கையில் நேரமிருக்கிறவர்கள் வாருங்கள். வரும்போது ஒரு மாக்கரும் கொண்டுவாருங்கள், பிரிக்காததில் அறையின் பெயரையாவது எழுதிவிடுவோம்.